முத்திரைத் தீர்வையை வாங்குபவர் கட்டுகிறார், சுமப்பது யார்?

*“மனை வாங்கினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் வாங்குபவர் தலையில்தான். ஆனால் பொருளாதாரம் படித்த என் நண்பர், ‘அதில் பெரும்பகுதியை உண்மையில் விற்பவர்தான் சுமக்கிறார், எல்லாம் தேவை, அளிப்பு நெகிழ்ச்சியைப் பொறுத்தது’ என்கிறார். சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பைசா கட்டாதவர் எப்படி வரியைச் சுமப்பார்? எண்களை வைத்து யாராவது விளக்க முடியுமா?”*

மனையைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது பெரும்பாலும் சரி. புதிதாகக் கட்டி விற்கும் அடுக்குமாடி வீடு என்றால் கணக்கு ஏறக்குறைய தலைகீழாகிவிடும். இரண்டுக்கும் ஒரே வரி, ஒரே அலுவலகம், ஒரே சட்டம். ஆனாலும் சுமை இடம் மாறுகிறது.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், 29ஆம் பிரிவில், கிரயப் பத்திரத்துக்கான முத்திரைச் செலவை வாங்குபவர் ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் அதே பிரிவு ‘வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில்’ என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. இருவரும் பேசிப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம். முழுவதையும் விற்பவரே கட்டலாம். சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை. அப்படி எழுதிக்கொண்டாலும், எழுதிக்கொள்ளாவிட்டாலும், பேரம் முடியும்போது இருவரின் நிலையும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் இதில் வியப்பான பகுதி.

பேரம் நடக்கும் இடத்தில் சற்று உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். வாங்க வருபவர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருவார். மேலே மனை விலை, அதன் கீழே பத்திரச் செலவு, எழுத்தர் கூலி, தரகு, கடைசியில் கூட்டுத்தொகை. அவர் கண் முழுக்க அந்தக் கடைசி வரியில்தான் இருக்கும். “அண்ணே, பத்திரச் செலவு மட்டும் இரண்டரை ஆகிறது. நீங்கள் இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தால்தான் எனக்குக் கட்டுப்படியாகும்” என்பார். விற்பவருக்கோ கூட்டுத்தொகையில் அக்கறை இல்லை, தன் கைக்கு எவ்வளவு வரும் என்பதே கேள்வி. ஆக, ஒரே மனைக்கு இரண்டு விலைகள் உள்ளன. ஒன்று வாங்குபவர் கையைவிட்டுப் போகும் மொத்தம். மற்றொன்று விற்பவர் கையில் சேரும் தொகை. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் வரி. வரி இல்லாதபோது இருந்த விலையோடு ஒப்பிட்டு, முதல் விலை எவ்வளவு ஏறியிருக்கிறது, இரண்டாவது விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கவுண்டரில் யார் பெயரில் ரசீது போட்டார்கள் என்பது இதற்குத் தேவையே இல்லை.

இனி எண்களுக்கு வருவோம். கீழே வருபவை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்ட எண்கள்.

ஒரு பழைய ஊர்ப் பகுதி. ஏற்கெனவே வீடுகள் நிறைந்துவிட்டன. ஆங்காங்கே காலி மனைகள் இருக்கின்றன. வரியே இல்லை என்றால் ஒரு மனை 20 லட்சத்துக்குப் போகும், ஆண்டுக்கு 100 மனைகள் கைமாறும். விலை ஒரு லட்சம் ஏறினால் வாங்க வந்தவர்களில் 8 பேர் விலகிவிடுவார்கள். அவர்களுக்குப் பக்கத்து ஊர் இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, இரண்டு ஆண்டு பொறுத்துக்கொள்ளவும் முடியும். விற்பவர்கள் அப்படியில்லை. விலை ஒரு லட்சம் இறங்கினாலும் 2 பேர்தான் ‘இப்போது வேண்டாம்’ என்று பின்வாங்குவார்கள். மகள் திருமணம், பாகப் பிரிவினை, அடைக்க வேண்டிய கடன் என்று வந்தவர்களே அதிகம். மனையை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

இப்போது ஒரு மனைக்கு 2.5 லட்சம் வரி வருகிறது. வாங்குபவர் கட்ட வேண்டும். விற்பவர்கள் பிடிவாதமாக 20 லட்சமே கேட்டால் என்ன ஆகும்? வாங்குபவரின் மொத்தச் செலவு 22.5 லட்சமாகிவிடும். இரண்டரை லட்சம் ஏறியதால் 20 பேர் விலகுவார்கள். மிச்சம் 80 பேர். விற்க நிற்பதோ 100 மனை. இருபது மனைகளுக்கு ஆள் இல்லை. அவசரம் உள்ளவர்கள் முதலில் இறங்குவார்கள்.

விலை 19 லட்சத்துக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவரின் மொத்தம் 21.5 லட்சம்; 88 பேர் இருக்கிறார்கள். விற்க 98 பேர் நிற்கிறார்கள். இன்னும் பத்து மனை மிச்சம். 18.5 லட்சம் என்றால் வாங்க 92 பேர், விற்க 97 பேர். 18 லட்சத்துக்கு வரும்போது வாங்குபவரின் மொத்தம் 20.5 லட்சம், வாங்க 96 பேர். விற்கவும் 96 பேர். இங்கே பேரம் நிற்கிறது. இதற்குமேல் இறங்க விற்பவருக்குக் காரணம் இல்லை, ஏற்றிக் கேட்டால் எடுக்க ஆளும் இல்லை.

முன்பு இருவருக்கும் பொதுவாக இருந்த 20 லட்சத்தோடு இதை ஒப்பிடுங்கள். வாங்குபவருக்குக் கூடுதலாகிய செலவு 50 ஆயிரம். விற்பவருக்குக் குறைந்தது 2 லட்சம். அரசுக்குப் போன 2.5 லட்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு, ஒரு பைசாகூடக் கட்டாத விற்பவரிடமிருந்து வந்திருக்கிறது. அவர் கட்டியது விலைக் குறைவாக. ரசீது இல்லாத கட்டணம் அது.

அடுத்து, அரசு சட்டத்தை மாற்றி, வரியை விற்பவர்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டால்? விற்பவர் தனக்கு 18 லட்சம் நிற்க வேண்டும் என்றால் 20.5 லட்சம் கேட்பார். வாங்க 96 பேர் இருப்பார்கள், விற்க 96 பேர் இருப்பார்கள். பத்திரத்தில் எழுதும் விலை 18க்குப் பதில் 20.5 ஆகும், அவ்வளவுதான். வாங்குபவர் கையிலிருந்து போவதும் விற்பவர் கையில் சேர்வதும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ‘வரியை விற்பவர் மீது போட்டால் வாங்குபவர் தப்பித்துவிடுவார்’ என்று தொலைக்காட்சி விவாதங்களில் அடித்துச் சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டலாம்.

ஐந்தில் ஒன்று, ஐந்தில் நான்கு என்ற பிரிவு எங்கிருந்து வந்தது? விலை மாறினால் விலகிப்போகும் ஆற்றல் யாருக்கு எவ்வளவு என்பதிலிருந்து வந்தது. அந்த ஆற்றலை அளப்பதுதான் நெகிழ்ச்சி. விலை 100க்கு 1 மாறினால் அளவு 100க்கு எத்தனை மாறும் என்ற கணக்கு அது. 20 லட்சத்தில் ஒரு லட்சம் என்பது 5 சதவீதம். அதற்கு வாங்குபவர்கள் 8 சதவீதம் குறைகிறார்கள். 8ஐ 5ஆல் வகுத்தால் தேவை நெகிழ்ச்சி 1.6. விற்பவர்கள் 2 சதவீதமே குறைகிறார்கள். அளிப்பு நெகிழ்ச்சி 0.4. வாங்குபவரின் பங்கு இப்படி வரும்:

```
வாங்குபவர் பங்கு = அளிப்பு நெகிழ்ச்சி ÷ (அளிப்பு நெகிழ்ச்சி + தேவை நெகிழ்ச்சி)
                 = 0.4 ÷ (0.4 + 1.6) = 0.2
```

தேர்வுத் தாள்களில் அதிகம் தவறு நடக்கும் இடம் இது. வாங்குபவரின் பங்கைக் காண மேலே வருவது எதிர்த்தரப்பின் நெகிழ்ச்சி. காரணம் எளிது: விற்பவர் எளிதாக விலகிப்போகக்கூடியவர் என்றால் சுமை வாங்குபவர் பக்கம் தள்ளப்படும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு தரப்பின் நெகிழ்ச்சியை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ‘தேவை நெகிழ்ச்சி அதிகம், ஆகவே சுமை விற்பவருக்கு’ என்பது அரைகுறையான பதில். அளிப்பின் நெகிழ்ச்சி அதைவிட அதிகமாக இருந்துவிட்டால் அந்தப் பதில் கவிழ்ந்துவிடும்.

அதையும் பார்த்துவிடுவோம். அதே வாங்குபவர்கள்; அதே 20 லட்சம், 100 வீடுகள், விலை ஒரு லட்சம் ஏறினால் 8 பேர் விலகல். ஆனால் விற்பது இப்போது புறநகரில் அடுக்குமாடி கட்டும் நிறுவனங்கள். சிமென்ட், கம்பி, கூலி, வட்டி எல்லாம் போக அவர்களுக்கு நிற்பது மெல்லிய லாபம். கைக்கு வரும் விலை ஒரு லட்சம் குறைந்தால் 32 வீடுகளைக் கட்டாமலே விட்டுவிட்டு வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ பணத்தைத் திருப்பிவிடுவார்கள். அளிப்பு நெகிழ்ச்சி 6.4. வாங்குபவர் பங்கு 6.4ஐ 8ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.8. வாங்குபவரின் மொத்தச் செலவு 22 லட்சம், நிறுவனத்துக்கு நிற்பது 19.5 லட்சம். சரிபார்க்க: இரண்டு லட்சம் ஏறியதால் 16 பேர் விலகி, வாங்குபவர்கள் 84, அரை லட்சம் இறங்கியதால் 16 வீடுகள் குறைந்து, வீடுகளும் 84.

வாங்குபவர்கள் மாறவில்லை, வரி மாறவில்லை. அவர்கள் சுமை மட்டும் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாகிவிட்டது. எதிரே நிற்பவர் யார் என்பது மாறியதே காரணம். இன்னொரு வேறுபாடும் உண்டு. மனைச் சந்தையில் வரி 4 கிரயங்களைத்தான் நிறுத்தியது. அரசுக்கு 240 லட்சம் வந்தது. வீட்டுச் சந்தையில் 16 கிரயங்கள் நின்றுபோயின. வரவு 210 லட்சம். நடக்காமல் போன கிரயங்களால் யாருக்கும் கிடைக்காமல் போன நன்மையை, வரியில் பாதியை அந்தக் கிரயங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிடலாம். முதல் சந்தையில் 5 லட்சம், இரண்டாவதில் 20 லட்சம். மண்ணின் மீது வரி போடுவதைப் பொருளாதார அறிஞர்கள் பொதுவாக வரவேற்பதும், கட்டடத்தின் மீது போடுவதற்குத் தயங்குவதும் இந்த வேறுபாட்டால்தான்.

கட்டுமான நிறுவனம் சுமக்கும் அந்த 50 ஆயிரமும் அதன் லாபத்திலிருந்து நெடுநாள் போகாது. அடுத்த திட்டத்துக்கு நிலம் வாங்கப் போகும்போது, வீட்டுக்கு இவ்வளவுதான் நிற்கிறது என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு நில உரிமையாளரிடம் குறைவாகப் பேசும். சிமென்ட் ஆலையும் கொத்தனாரும் வேறு வேலைக்குப் போய்விடலாம், நிலம் போகாது. ஆகவே வீட்டின் மீது போட்ட வரியின் ஒரு பகுதி, இரண்டு கை மாறி, கடைசியில் எங்கோ ஒரு மாந்தோப்புக்காரரிடம் வந்து நிற்கும். அவர் அந்த வரியின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

மனை என்ற சொல்லுக்குள்ளும் இரண்டு வகை உண்டு என்பதால் உங்கள் நண்பருக்கு ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ஊருக்கு நடுவில் உள்ள மனை வேறு. வயலைச் சமன்படுத்தி, சாலை போட்டு, அனுமதி வாங்கிப் பிரித்து விற்கும் புதிய மனைப் பிரிவு வேறு. பின்னது ஒருவகை உற்பத்தி. விலை குறைந்தால் அடுத்த வயலைப் பிரிக்காமல் விட்டுவிடலாம். அங்கே அளிப்பு நெகிழ்ச்சி நான் வைத்த 0.4ஐவிடக் கணிசமாக அதிகமாக இருக்கும். ஊர் நடுவிலும், அவசரம் இல்லாதவர் விற்காமலே வைத்துக்கொள்ளலாம். இது கைமாறும்போது மட்டும் விழும் வரி; கைமாற்றாமல் இருப்பவரைத் தொடாது. நிலத்தின் மொத்த அளவு மாறாது என்பதால் விற்பவரே முழுவதையும் சுமப்பார் என்று அதனால்தான் சொல்ல முடியாது.

காலமும் கணக்கை மாற்றும். வரி உயர்வு அறிவிக்கப்படும் நாளில் கட்டி முடித்த வீடுகளைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம், மனைக்காரரைப் போலத்தான் மாட்டிக்கொள்ளும். கட்டியதைக் கட்டாமல் விட முடியாது, வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சில மாதங்களுக்குச் சுமையில் பெரும்பகுதி அதனிடம். புதிய திட்டங்களைத் தள்ளிப்போடத் தொடங்கிய பிறகே சுமை வாங்குபவர் பக்கம் நகரும். அதேபோல விலை பேசி, முன்பணம் கொடுத்து, கிரய ஒப்பந்தம் போட்டுவிட்டு, பதிவுக்கு மட்டும் காத்திருப்பவரின் நிலை வேறு. இடையில் வரி ஏறினால் முழு உயர்வும் அவர் தலையில்தான். விலை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, பேரத்துக்கு இடமில்லை. நெகிழ்ச்சி பேசுவதெல்லாம் விலை இன்னும் திறந்திருக்கும்போதுதான்.

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் ஒரு அனுமானத்தையும் சொல்லிவிட வேண்டும். வாங்குபவருக்கு விலையில் ஒரு ரூபாயும் வரியில் ஒரு ரூபாயும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டோம். ரொக்கமாக வாங்குபவருக்கு அது சரி. கடனில் வாங்குபவருக்குச் சரியில்லை. வீட்டுக் கடன் வரம்பைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் விலையோடு சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி. சிறிய வீடுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வங்கி விலையில் 80 சதவீதம் தருகிறது என்றால், விலையில் ஒரு லட்சம் குறைந்தால் இன்று கையிலிருந்து போடும் பணத்தில் 20 ஆயிரம்தான் மிச்சம். வரி ஒரு லட்சம் ஏறினால் முழு ஒரு லட்சமும் சேமிப்பிலிருந்து போக வேண்டும். நகையை அடகு வைத்துப் பத்திரச் செலவைக் கட்டுபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. இப்படிப்பட்டவர்கள், விலை உயர்வால் விலகுவதைவிட வரி உயர்வால் அதிகம் விலகுவார்கள். விளைவாக, இவர்கள் நிறைந்த சந்தையில் விற்பவர் இன்னும் அதிகமாக இறங்க வேண்டிவரும். யார் கட்டினாலும் ஒன்றுதான் என்று மேலே சொன்ன விதி இங்கே சற்றுப் பழுதாகிறது. விற்பவர் வரியைக் கட்டி அதை விலையில் சேர்த்துக்கொண்டால் அதற்கும் வங்கிக் கடன் கிடைத்துவிடும் அல்லவா?

அடுத்து, ஒவ்வொரு பகுதியின் சொத்துக்கும் அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு. நான் 2.5 லட்சம் என்று நிலையான தொகை வைத்ததைப் பார்த்து, ‘வரி சதவீதமாகத்தானே இருக்கிறது’ என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சதவீதம்தான். ஆனால் பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீது. சந்தை விலை இறங்கி வழிகாட்டி மதிப்புக்குக் கீழே போனாலும், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பையே எழுதும் வழக்கம் இருந்தாலும், பேரத்தில் விலை மாறுவதால் வரி மாறாது. நடைமுறையில் அது ஒரு நிலையான தொகை போலவே நடந்துகொள்கிறது.

ஆகவே தமிழ்நாட்டில் வரி ஏறியதா இறங்கியதா என்று அறியச் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 2017 ஜூன் மாதம் வரை முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, ஆக 8 சதவீதம். அந்த மாதம் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. பதிவுக் கட்டணம் 4 சதவீதமாகி மொத்தம் 11 ஆனது. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வழிகாட்டி மதிப்பு திரும்பியது, பதிவுக் கட்டணம் 2ஆகக் குறைந்து மொத்தம் 9 ஆனது. முன்பு 30 லட்சம் வழிகாட்டி மதிப்பு இருந்த ஒரு சொத்தை, அந்த மதிப்பிலேயே பதிவு செய்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். 2017க்கு முன் கட்டியது 2.40 லட்சம். பிறகு 20.10 லட்சத்தின் மீது 11 சதவீதம், 2.21 லட்சம். 2023இல் 30 லட்சத்தின் மீது 9 சதவீதம், 2.70 லட்சம். சதவீதம் ஏறியபோது தொகை இறங்கியது. சதவீதம் இறங்கியபோது தொகை ஏறியது. உண்மை விலையையே பத்திரத்தில் எழுதி, அது வழிகாட்டி மதிப்பைவிட உயர்வாகவும் இருந்தவருக்கு மட்டும் கதை நேர்மாறு. விற்பவர் சுமந்தாரா, வாங்குபவர் சுமந்தாரா என்று கேட்பதற்கு முன், எவ்வளவு சுமை வந்தது என்பதையே இப்படிக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் தாளில் சரி, நிஜத்தில் நடக்கிறதா என்று கேட்டால், நன்றாக அளக்கப்பட்ட ஒரு நிகழ்வு கனடாவில் இருக்கிறது. டொராண்டோ மாநகரம் 2008 பிப்ரவரியில், மாகாண வரிக்கு மேல், வீடு வாங்குபவர்கள் மீது தனியாக ஒரு கைமாற்று வரி விதித்தது. மாநகர எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களில் அது கிடையாது. எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வீடுகள் இருந்ததால் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போனது. சராசரியாக வீட்டின் விலையில் 1.1 சதவீதம் அளவிலான அந்த வரியால், விற்பனை எண்ணிக்கை சுமார் 15 சதவீதம் குறைந்தது; வீட்டு விலை ஏறக்குறைய வரியின் அளவுக்கே இறங்கியது. சட்டப்படி வாங்குபவர் கட்டிய வரியை முழுக்க முழுக்க விற்பவர் சுமந்திருக்கிறார். வாங்குபவர் சில தெருக்கள் தள்ளிப் போனால் வரி இல்லை என்பதால், அவர்களின் தேவை நெகிழ்ச்சி மிக அதிகம். விற்பவரின் வீடு எல்லைக்கு உள்ளேயே இருந்தது.

இங்கிலாந்தில் மறுபக்கம் நடந்தது. 2008 செப்டம்பர் முதல் 2009 இறுதி வரை, 1,25,000 பவுண்டு முதல் 1,75,000 பவுண்டு வரையிலான வீடுகளுக்கு முத்திரைத் தீர்வை தற்காலிகமாக நீக்கப்பட்டது. பலனில் ஏறக்குறைய 60 சதவீதம் வாங்குபவர்களுக்குப் போனதாகக் கணக்கிட்டார்கள். அது நிதி நெருக்கடிக் காலம். வாங்க ஆளின்றி வீடுகள் தேங்கிக் கிடந்தன. சற்று நல்ல விலை வந்தால் விற்கத் தயாராக வீடுகள் வரிசையில் நின்றபோது அளிப்பு வழக்கத்தைவிட நெகிழ்வாக இருந்திருக்கும் என்பது என் வாசிப்பு. எந்த நாட்டு விகிதத்தையும் அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. தமிழ்நாடு முழுவதும் ஒரே விகிதம் என்பதால், டொராண்டோக்காரரைப் போலத் தெரு தாண்டித் தப்பிக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. ஓசூர் போன்ற எல்லையோர ஊர்களில் மட்டும் ஓரளவு இருக்கலாம்.

சலுகை வந்தாலும் இதே கணக்குதான், திசை மட்டும் மாறும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதிகபட்சம் 10 ஆயிரம் ரூபாய். அதில் வாங்கும் பெண்ணுக்கு எவ்வளவு மிஞ்சும்? ஒரு பகுதியில் பத்தில் ஒருவர்தான் பெண் பெயரில் வாங்குகிறார் என்றால் சந்தை விலை அசையாது. சலுகை பெரும்பாலும் அவரிடமே தங்கும். ஆனால் கணவன் பெயரில் வாங்க வந்தவர்களெல்லாம் சலுகைக்காக மனைவி பெயருக்கு மாற்றிக்கொண்டால், அது எல்லா வாங்குபவர்களுக்கும் கொடுத்த வரிக் குறைப்பாகிவிடும். அளிப்பு என் முதல் உதாரணத்தில் இருந்தது போல இறுகியிருக்கும் ஊரில், அந்த 10 ஆயிரத்தில் 8 ஆயிரம் மனை விலையில் ஏறி விற்பவரிடம் போய்விடும். சொத்து மனைவி பெயரில் இருக்கும் என்பது வேறு நன்மை. அதை விலையில் கழித்துக்கொள்ள விற்பவரால் முடியாது.